பேர் தெரியுது, படம் ஓடலை

"தினமும் நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று டிவியில் அந்த டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு சிரிக்கும்போதெல்லாம் எடிட்டருக்கு ரத்தம் கொதிக்கும். அந்த ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குள் போய்ச் சுத்தமாகி வந்துகொண்டிருக்கிற நேரத்தில் அது அவ்வளவு நல்லதில்லை. ஆனாலும் கொதிக்கத்தான் செய்தது. டயாலிசிஸ் வார்டில் படுத்திருக்கிற எவருக்கும் இஷ்டத்துக்குத் தண்ணீர் குடிக்க அனுமதி கிடையாது. நாக்கு வறண்டால் வாயை நனைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்களைக் கையைக் கட்டிப் படுக்கவைத்துவிட்டு, எதிரே தண்ணீரைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஊற்றிக் காட்டுகிற விளம்பரம்.

முன்பெல்லாம் அங்கே கேபிள் இருந்தது. புதிதாக வந்த நிர்வாகி அதைத் துண்டித்துவிட்டார். ஒவ்வொரு டிவியையும் இரும்புக் கூண்டுக்குள் வைத்து, பின்பக்கம் ஒரு பென்டிரைவைச் செருகி, பூட்டுப் போட்டு, சாவியைத் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார். பென்டிரைவில் ஆஸ்பத்திரியின் விளம்பரம் மட்டும். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து.

எடிட்டர் என்பது அவள் தொழில். கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்து, மாப்பிள்ளை கொட்டாவி விட்ட இடங்களையெல்லாம் நீக்கித் தருகிறவள். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகும் வீட்டில் உட்கார்ந்து அந்த வேலையை விடாமல் செய்துவந்தாள். வாரத்தில் மூன்று நாள் மெஷின், மற்ற நாட்கள் கம்ப்யூட்டர். வார்டில் எல்லோருக்கும் அவள் எடிட்டரக்கா.

ஒருநாள் சிஸ்டர் ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கப் போய் வேறு ஏதோ பட்டனை அழுத்திவிட்டார். திரையில் ஒரு பட்டியல் வந்தது. அதில் ஒரு வரி, பக்கத்தில் இருக்கும் மீடியா சர்வர்களைத் தேடிக்கொண்டிருந்தது. எடிட்டர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"சிஸ்டர், இந்த டிவி எல்லாம் வைஃபைல இருக்கா?"

"இருக்கும். மாட்டும்போது போட்டாங்க. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்" என்றாள் எடிட்டர். சும்மா கேட்கிற முகம் இல்லை அது.

அடுத்த முறை வரும்போது வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பழைய சின்னக் கம்ப்யூட்டர் ஒன்றைத் துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்தாள். அதில் டிஎல்என்ஏ சர்வர் ஒன்றை நிறுவியிருந்தாள். பெட்டிக்குள் ஒரு ஃபோல்டரில் வீடியோக்களைப் போட்டுவைத்தால் போதும், அதே வைஃபையில் இருக்கிற டிவி தானாகவே பெட்டியைக் கண்டுபிடித்துப் பட்டியலைக் காட்டும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்தால் ஓடும். கூண்டைத் திறக்க வேண்டாம், சாவி வேண்டாம், தரையில் ஒயர் இழுக்க வேண்டாம். சிஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மெஷின் கத்தினா எனக்குக் கேக்கணும். அதுக்கு மேல சத்தம் வைக்கக் கூடாது." பெட்டி சிஸ்டர் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் குடியேறியது.

அன்றிலிருந்து வார்டின் முகமே மாறிவிட்டது. எடிட்டரின் சொந்தக்காரர் கல்யாணங்களைப் பார்த்து, யாரென்றே தெரியாத சம்பந்திகளைப் பற்றி எல்லோரும் தீர்ப்புச் சொன்னார்கள். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர் மகனிடம் கேட்டு ஒரு பழைய படம் கொண்டுவந்தார். அதில் படம் ஓடியது, சத்தம் வரவில்லை. "ஊமைப் படமாடி இது?" என்றார். எடிட்டர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். ஒலி மட்டும் அந்த டிவிக்குத் தெரியாத டிடிஎஸ் வகையில் இருந்தது. படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றிக் கொடுத்ததும் கதாநாயகன் வாய் திறந்தான்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லாரி அண்ணனின் மகள் தீயணைப்புத் துறையில் பயிற்சி முடித்தாள்.

லாரி அண்ணன் என்பவர் எடிட்டருக்கு அடுத்த கட்டில். பாதி ஆயுளை ஸ்டியரிங் பிடித்தே கழித்தவர். இப்போது மெஷின் பிடித்துவைத்திருந்தது. மகளின் அணிவகுப்பு வேறு ஊரில், அதுவும் அவருடைய டயாலிசிஸ் நாளில். ஒரு நாள் தள்ளிப்போடலாமா என்று கேட்டதற்கு டாக்டர் ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். கூடப் படித்த பெண் ஒருத்தி தன் புதுப் போனில் முழுசாகப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அண்ணன் அதைப் போனில் பார்க்க மறுத்துவிட்டார்.

"உள்ளங்கையில வெச்சுப் பாக்கற விஷயமா இது? என் பொண்ணு ஆறடி ஏணியைத் தோள்ல தூக்கிட்டுப் போறா. பெரிசாப் பாக்கணும். எல்லாரும் பாக்கணும்."

எடிட்டர் அதை வாங்கி அப்படியே பெட்டியில் போட்டாள். மெஷின்கள் ஓடத் தொடங்கின. சிஸ்டர் ரிமோட்டை எடுத்தார். பட்டியலில் மகளின் பேர் தெரிந்தது. அண்ணன் சுதந்திரமாக இருந்த கையால் மீசையைத் தடவிக்கொண்டார். சிஸ்டர் அழுத்தினார். வட்டம் சுற்றியது. பிறகு: இந்தக் கோப்பை இயக்க முடியாது.

மறுபடி அழுத்தினார். அதே பதில். அடுத்த டிவியிலும் அதே பதில்.

"பேர் தெரியுதே!" என்றார் அண்ணன். "அங்கதான இருக்கா. அப்புறம் என்ன?"

அந்த நேரம் பார்த்து நிர்வாகி உள்ளே வந்தார். தன் விளம்பரம் இருக்க வேண்டிய இடத்தில் வேறேதோ பட்டியலைக் கண்டதும் அவர் முகம் சுருங்கியது. யார் பெட்டி, யார் அனுமதி என்று விசாரணை நடந்தது. திரையில் நின்ற பிழைச் செய்தியைச் சுட்டிக் காட்டினார்.

"பாத்தீங்களா? கண்ட பொட்டியைக் கனெக்ட் பண்ணி டிவியைக் கெடுத்து வெச்சிருக்கீங்க."

"டிவி கெடலை சார்" என்றாள் எடிட்டர். "இந்த ஒரு ஃபைல்தான் ஓடலை."

"ஏன் ஓடலை?"

"பாத்துச் சொல்றேன்" என்றாள். சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"பாக்க வேண்டாம். எடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு விளம்பரத்தைத் திரும்பப் போடச் சொன்னார். தண்ணீர்த் தம்ளர் திரும்பி வந்தது.

தபால் ஆபீஸ் அம்மாதான் ஆரம்பித்தார். வெள்ளைப் போர்வையை மெல்ல இழுத்து, முகத்தை முழுசாக மூடிக்கொண்டார். "நான் இதைப் பாக்கறதா இல்லை" என்று போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. லாரி அண்ணனும் இழுத்துக்கொண்டார். எடிட்டரும். வரிசையாக எல்லாக் கட்டிலிலும் தலையோடு கால் மூடிய வெள்ளை உருவங்கள். புதிதாகச் சேரப்போகிற நோயாளி ஒருவரின் குடும்பம் அந்த நேரம் பார்த்து வார்டைச் சுற்றிப் பார்க்க வந்து, கதவைத் திறந்து, அப்படியே உறைந்து நின்றது.

"ஐயோ" என்றாள் அந்தக் குடும்பத்து அம்மாள்.

"யாரும் சாகலைங்க!" என்று நிர்வாகி அலறினார். போர்வைகளுக்குள் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது.

வந்தவர்களை ஒருவழியாகச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டு அவர் எடிட்டரின் கட்டிலருகே வந்து பல்லைக் கடித்தபடி சொன்னார். "ஒரே ஒரு வாய்ப்பு. அடுத்த தடவை அந்த வீடியோ இந்த டிவில ஓடணும். ஓடலைன்னா பொட்டி வெளிய. போர்வை நாடகமும் வேண்டாம்."

"ஓடும்" என்றாள் எடிட்டர், முகத்தை வெளியே எடுக்காமலே.

மெஷின் நாள் முடிந்து வந்தால் உடம்பு பிழிந்த துணி மாதிரி ஆகிவிடும். கணவர் ஸ்கூட்டரிலிருந்து அவளை இறக்கி, படுக்கையை விரித்தார். அவள் நேராகக் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"நாளைக்குப் பாத்துக்கலாமே. யாரோ ஒருத்தர் பொண்ணு மார்ச் பாஸ்ட் போனா உனக்கென்ன?"

"யாரோ இல்லை. அடுத்த கட்டில்."

அவர் கஞ்சியைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார்.

கோப்பின் உள்விவரங்களைக் காட்டும் சின்ன மென்பொருளில் அதைத் திறந்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெளிப்பெயர் என்னவோ சாதாரண எம்பி-ஃபோர். உள்ளே வீடியோ எச்இவிசி என்ற புது வகையில் இருந்தது. ஆஸ்பத்திரி டிவி அந்த வகை பரவலாவதற்கு முன்னால் செய்தது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பழைய எச்-டூ-சிக்ஸ்-ஃபோர். அவள் வெட்டி ஒட்டுகிற கல்யாணங்கள் எல்லாம் அந்தப் பழைய வகையில்தான் வெளியே வரும். அதனால்தான் இத்தனை நாளும் எல்லாம் ஓடியது. அவள் கெட்டிக்காரத்தனம் அதில் ஒன்றுமில்லை.

சர்வரையே அனுப்பும்போது மாற்றி அனுப்பச் சொல்லலாமா என்றும் யோசித்தாள். அது முடியும். ஆனால் வார்டில் இருக்கிற பெட்டிக்கு அத்தனை தெம்பு இல்லை. ஓடுகிற வேகத்துக்கு மாற்ற முடியாமல் திக்கித் திக்கி நின்றுவிடும். முன்கூட்டியே மாற்றிவைப்பதுதான் வழி. மாற்றினாள். தன் திரையில் ஓட்டிப் பார்த்தாள். அருமையாக ஓடியது. கஞ்சியைக் குடித்துவிட்டுப் படுத்தாள்.

மறுமுறை வார்டுக்குள் நுழைந்ததும் லாரி அண்ணன் கேட்டார்: "என்ன சங்கதின்னு புரிஞ்சுதா?"

எடிட்டர் அவருக்குப் புரிகிற பாஷையில் சொன்னாள். "உங்க லாரி குடோன் வாசல்ல வந்து நிக்குது அண்ணே. நம்பர் பிளேட் சரி, கையில சீட்டு சரி. வாட்ச்மேன் கேட்டைத் திறந்து விட்டுட்டான். சர்வர் அந்த வாட்ச்மேன் மாதிரி, பேரைப் பாத்துப் பட்டியல்ல சேத்துடும். ஆனா தார்ப்பாயைத் தூக்கினா, உள்ள இருக்கற சரக்கை இறக்கத் தெரிஞ்ச ஆள் குடோன்ல இல்லை. அந்த ஆள்தான் இந்த டிவி."

"அப்ப சரக்கை மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"சபாஷ்" என்றார் அண்ணன்.

பெட்டியில் புதுக் கோப்பை ஏற்றினாள். பழைய பட்டியலை டிவி நினைவில் வைத்துக்கொண்டு குழப்பக் கூடாதென்று கோப்புக்குப் புதுப் பேரும் வைத்தாள். ஊசிகள் இறங்கின, மெஷின்கள் உறுமின. சிஸ்டர் ரிமோட்டை எடுத்தார். பேர் தெரிந்தது. அழுத்தினார். வட்டம் சுற்றியது.

இந்தக் கோப்பை இயக்க முடியாது.

அண்ணன், "பரவாயில்லைம்மா" என்றார். அந்தப் பரவாயில்லைதான் எடிட்டரைக் குத்தியது. தோற்றுப் போனவர்களுக்குச் சொல்கிற சொல் அது.

"பரவாயில்லைன்னு யாரும் சொல்லாதீங்க" என்றாள். "சிஸ்டர், என் பையில லேப்டாப் இருக்கு. எடுத்துக் குடுங்க."

"இடது கையை அசைக்கக் கூடாது. தெரியுமில்ல?"

"வலது கை இருக்கே."

கட்டில் மேஜையை இழுத்து லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தட்டத் தொடங்கினாள். இரண்டு விசையைச் சேர்த்து அழுத்த வேண்டிய இடங்களில் விரல்களைக் கவட்டை மாதிரி விரித்தாள். மாற்றிய கோப்பின் விவரங்களைத் திறந்தாள். வகை சரியாகத்தான் இருந்தது. டிவிக்குத் தெரிந்த வகையேதான். பிறகென்ன? ஒவ்வொரு வரியாகக் கண்ணை ஓட்டியவள் ஓரிடத்தில் நின்றாள். பத்து பிட்.

அந்தப் புதுப் போன் கூடுதல் வண்ணத்துக்காகப் பத்து பிட்டில் எடுத்திருக்கிறது. அவள் மாற்றச் சொன்னபோது மென்பொருள் வகையை மாற்றியதே தவிர, அந்தப் பத்து பிட்டை அப்படியே காப்பாற்றி வைத்துவிட்டது. அவள் கம்ப்யூட்டருக்கு அது ஒரு பொருட்டில்லை. இந்த டிவிக்கு எட்டுப் பிட் மட்டும்தான் தெரியும். பேர் ஒன்று, வகை ஒன்று, அதற்குள்ளே இன்னொரு பூட்டு. முதல் பூட்டைத் திறந்துவிட்டு வீடு திறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

"கிடைச்சிடுச்சு" என்றாள், உற்சாகத்தில் இடது முழங்கையை மடக்கிவிட்டாள். மெஷின் உடனே கத்தியது. சிஸ்டர் ஓடிவந்து கையை நீட்டிவைத்து, வாய்க்கு வந்தபடி திட்டினார்.

"வீடியோவுக்காகச் சாகப் போறியா?"

"சாகறதா இருந்தா இதைப் போட்டுட்டுத்தான் சாவேன்."

எட்டுப் பிட்டாகக் குறைக்கச் சொல்லி மறுபடி மாற்றத் தொடங்கினாள். வண்ணத்தையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. சும்மா குறைத்தால் எல்லாம் வெளுத்துப் போய், தீயணைப்பு வண்டி ரோஜா நிறத்தில் வரும். பச்சைக் கோடு நத்தை மாதிரி நகர்ந்தது. லேப்டாப் சூடாகி உள்ளங்கையைச் சுட்டது. எப்போதும் குளிர்கிற அந்த வார்டில் அது சுகமாகக்கூட இருந்தது.

கோடு முக்கால்வாசி தாண்டியபோது கதவுக் கண்ணாடியில் நிர்வாகியின் முகம். பக்கத்தில் செக்யூரிட்டி ஒருவர், கையில் காலி அட்டைப்பெட்டியோடு. சிஸ்டர் எழுந்து போய்க் கதவைப் பாதியாகத் திறந்து, அந்தப் பாதியில் தானே நின்றுகொண்டார்.

"ஓடுச்சா?" என்றார் நிர்வாகி.

"ஷிஃப்ட் முடியலை சார்."

"ஓடலைன்னு கேள்விப்பட்டேன். பொட்டியை எடுக்கணும், வழி விடுங்க."

"எல்லாருக்கும் ஊசி ஏறியிருக்கு. வெளியாள் உள்ள வரக்கூடாது. கையெழுத்துப் போட்டு அந்த போர்டை மாட்டினதே நீங்கதான்."

நிர்வாகி போர்டைப் பார்த்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார்.

"நான் வெளியாளா?"

"செருப்பைக் கழட்டலை, மாஸ்க் போடலை. என்னைப் பொறுத்தவரைக்கும் வெளியாள்தான்."

உள்ளே லாரி அண்ணன் குரலை உயர்த்தினார். "அவரை அங்கயே நிக்கச் சொல்லுங்க சிஸ்டர். எங்களால எழுந்து வர முடியாது, அவரால உள்ள வர முடியாது. கணக்கு சரியாப் போச்சு."

பச்சைக் கோடு முடிந்தது. எடிட்டர் கோப்பை வைஃபை வழியாகவே பெட்டியின் ஃபோல்டருக்குள் தள்ளினாள். சர்வரை மறுபடி தேடச் சொன்னாள். "சிஸ்டர், ரிமோட்!"

சிஸ்டர் கதவை விட்டு நகரவில்லை. ரிமோட்டைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, நின்ற இடத்திலிருந்தே டிவியை நோக்கி நீட்டினார். பட்டியல். பேர். வட்டம் சுற்றியது.

மைதானம் வந்தது. பேண்ட் வாத்தியம் வந்தது. சிவப்பு வண்டி, அச்சு அசல் சிவப்பாக வந்தது. வரிசையின் நடுவில், தோளில் ஏணியோடு, முழங்காலை உயரத் தூக்கி ஒரு பெண் நடந்து வந்தாள். கேமராவைக் கடக்கும்போது கண்ணை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.

"அவதான்" என்றார் லாரி அண்ணன். "பாருங்க எல்லாரும். அவதான். திரும்பிப் பாக்கறாளா பாருங்க. மாட்டா. என்கிட்டயே அப்படித்தான்."

ஊசி இல்லாத கையை நெற்றிக்குக் கொண்டுபோய் சல்யூட் வைத்தார். அணிவகுப்பு முடிகிறவரை இறக்கவில்லை. தபால் ஆபீஸ் அம்மா கண்ணைத் துடைத்தபடி, "ஏணியைப் பாரு, எவ்ளோ பெரிசு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கதவருகே செக்யூரிட்டி எட்டி எட்டிப் பார்த்து, அட்டைப்பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

நிர்வாகி முழுசாகப் பார்த்தார். பார்த்து முடித்ததும் சொன்னார்: "ஓடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா ரூல் ரூல்தான். ஷிஃப்ட் முடிஞ்சதும் எடுத்துடுங்க."

எடிட்டருக்கு ஒரு கணம் காதில் விழுந்தது நிஜமா என்றிருந்தது. பிறகு, களைப்பையெல்லாம் மீறி ஒரு தெளிவு வந்தது. இவரிடம் ஜெயிப்பதற்கு ஒன்றுமே இல்லை. ஓடாவிட்டால் ஓடாதது குற்றம், ஓடினால் ஓடியது குற்றம்.

"எடுக்க மாட்டேன் சார்" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "வாரத்துல மூணு நாள் என் ரத்தம் முழுக்க இந்த ரூம்லதான் சுத்துது. உங்களைவிட நான்தான் இங்க அதிகம் இருக்கேன். அந்தச் சுவத்துல என்ன ஓடணும்னு சொல்ல எனக்கும் உரிமை இருக்கு. வேணும்னா நீங்க வந்து எடுங்க. எல்லாரும் முழிச்சிட்டிருக்கும்போது வந்து எடுங்க."

அவர் எடுக்கவில்லை. அதைவிடச் சாமர்த்தியமாக ஒன்று செய்தார். அடுத்த முறை எடிட்டர் வந்தபோது வார்டின் வைஃபை ரவுட்டர் சுவரில் இல்லை. ஆணி இரண்டு மட்டும் துருத்திக்கொண்டிருந்தன. பெட்டி அலமாரியில் பத்திரமாக இருந்தது. டிவி அதைத் தேடித் தேடிக் களைத்துப் போயிருந்தது.

"இன்டர்நெட்டை எடுத்துட்டாராம்" என்றார் சிஸ்டர் சோர்வாக. "இனிமே என்ன பண்ண முடியும்?"

எடிட்டர் சிரித்தாள். சத்தமாகவே சிரித்தாள். "நம்ம வீடியோ என்னைக்கு இன்டர்நெட்ல இருந்து வந்துச்சு சிஸ்டர்? பொட்டியும் டிவியும் ஒரே வலைல இருந்தாப் போதும். அது எந்த வலையா இருந்தா என்ன?" கணவருக்குப் போன் செய்தாள். "அலமாரி மேல பழைய ரவுட்டர் கிடக்கும். எடுத்துட்டு வா. ஆமா, அதோட ஒயரும்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே வந்து கொடுத்துவிட்டுப் போனார். நெட் இணைப்பு எதுவும் இல்லாமல், மின்சாரம் மட்டும் கொடுத்து அதை எழுப்பினார்கள். பெட்டியை அதில் சேர்த்தாள். சிஸ்டர் ஒவ்வொரு டிவியாகப் போய் ரிமோட்டால் புது வைஃபை பேரைத் தேர்ந்தெடுத்து, எழுத்து எழுத்தாகக் கடவுச்சொல்லைப் போட்டார். ஊசி ஏறுவதற்குள் பட்டியல் திரும்பி வந்துவிட்டது.

சாயங்காலம் நிர்வாகி வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது, தபால் ஆபீஸ் அம்மாவின் படத்தில் கதாநாயகன் யாரையோ உரக்க மிரட்டிக்கொண்டிருந்தான்.

"நெட்டே இல்லையே" என்றார் அவர். "இது எப்படி ஓடுது?"

"உள்ள வாங்க சார், சொல்லித் தரேன்" என்றாள் எடிட்டர். "செருப்பைக் கழட்டிட்டு வாங்க."